சான்றிதழில் பெயர் இருக்கிறது, பங்கு எவ்வளவு?

போன வருஷம் சென்னை கொருக்குப்பேட்டையில் இருந்து ஒரு குடும்பம் சொத்துப் பங்கு பற்றி என்னிடம் யோசனை கேட்டு வந்தது. ரயில்வே கேட் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு தெருவில் அரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் கூடுதலான மனை, அதில் ஓட்டு வீடு. பெரியவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வீட்டை விற்க விலை பேசி முடித்தாயிற்று, 1 கோடியே 5 லட்சம். (ஆளை அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணக்கு மட்டும் நிஜமான சட்டக் கணக்கு.)

கையில் மூன்று வாரிசுச் சான்றிதழ்கள் கொண்டுவந்தார்கள். பெரியவருடையது ஒன்று, அவருக்கு முன்பே இறந்துபோன மூத்த மகனுடையது ஒன்று, அதேபோல முன்பே இறந்த சின்ன மகளுடையது ஒன்று. கூடவே ஒரு வெள்ளைத் தாளில் ஏழு பெயர் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் நேரே 15 லட்சம் என்று போட்டிருந்தது. பாட்டி, இரண்டாவது மகன், பெரிய மகள், மூத்த மருமகள், அவருடைய இரண்டு பிள்ளைகள், இறந்துபோன சின்ன மகளின் ஒரே பையன். ஏழு பேர், 1 கோடியே 5 லட்சம், தலைக்குப் பதினைந்து. கணக்கு அழகாக வகுபடுகிறது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தாளை எழுதியவர் மூத்த மருமகளின் அண்ணன். ஏமாற்ற நினைத்தவர் இல்லை, படித்தவர். "சட்டத்திலேயே இருக்கு சார்" என்று செல்போனை நீட்டினார். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956, பிரிவு 19. ஒன்றுக்கு மேற்பட்ட வாரிசுகள் சேர்ந்து சொத்தை அடைந்தால் 'பெர் கேபிட்டா', அதாவது தலைக்கு ஒரு பங்கு. 'பெர் ஸ்டிர்பஸ்', அதாவது கிளைக்கு ஒரு பங்கு என்று இல்லை. அவர் படித்தது சரிதான். ஆனால் அந்த வரிக்கு முன்னாலேயே ஒரு தொடர் இருக்கிறது: இந்தச் சட்டத்தில் வேறு விதமாக வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் தவிர. அப்படி வேறு விதமாகச் சொல்லியிருக்கும் இடம் பிரிவு 10. பேரப்பிள்ளைகள் விஷயத்தில் நாம் போய் நிற்க வேண்டியது அங்கேதான்.

பிரிவு 10 சொல்வது ரொம்ப எளிமை. ஆண் ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் மனைவிக்கு ஒரு பங்கு, அம்மா இருந்தால் அவருக்கு ஒரு பங்கு, உயிரோடு இருக்கும் ஒவ்வொரு மகனுக்கும் மகளுக்கும் ஒரு பங்கு. முன்பே இறந்துபோன மகனோ மகளோ இருந்தால், அவர் விட்டுப்போன வாரிசுகள் எத்தனை பேராக இருந்தாலும் அந்தக் கிளை முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு பங்கு. அந்த ஒன்றைத்தான் அவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அதனால் தலையை எண்ணாதீர்கள், முதலில் கிளையை எண்ணுங்கள் என்று சொல்லி அதே தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன். பாட்டி ஒன்று, இரண்டாவது மகன் ஒன்று, பெரிய மகள் ஒன்று, மூத்த மகன் கிளை ஒன்று, சின்ன மகள் கிளை ஒன்று. ஆக ஐந்து. ஒரு பங்கு 21 லட்சம். பெரியவரின் அம்மா எப்போதோ போய்விட்டதால் அந்தப் பங்கு இல்லை. இனி கிளைக்குள் இறங்கலாம். மூத்த மகன் கிளையில் மருமகளும் இரண்டு பிள்ளைகளும், மூவரும் சமம், ஆளுக்கு 7 லட்சம். பத்திரத்தில் எழுதும்போது பதினைந்தில் ஒரு பங்கு. சின்ன மகள் கிளையில் பையன் ஒருவன்தான், 21 லட்சமும் அவனுக்கு. அவன் அப்பாவுக்கு, அதாவது மருமகனுக்கு, இதில் ஒன்றும் கிடையாது. முன்பே இறந்த மகனின் மனைவி வாரிசு, முன்பே இறந்த மகளின் கணவர் வாரிசு இல்லை, சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இரண்டாவது மகனுக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு. அவர்கள் பெயர் இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. அப்பா உயிரோடு இருக்கும்போது பிள்ளைக்குத் தாத்தாவின் சுயசம்பாத்தியத்தில் பங்கு இல்லை. இறந்தவரின் இடத்தில்தான் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள், இருப்பவரின் இடத்தில் இல்லை.

வெள்ளைத் தாளின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் எங்கே என்று தெரியும். தலைக்கணக்கில் மூத்த மருமகள் வீட்டுக்கு 45 லட்சம், கிளைக்கணக்கில் 21 லட்சம். அந்த 24 லட்சம் மற்ற நால்வரிடமிருந்து ஆளுக்கு 6 லட்சமாகப் போகிறது. அண்ணன்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஒரே தாத்தாவோட பேரப்பசங்கதானே சார், ஒருத்தனுக்கு இருபத்தொண்ணு, இன்னொருத்தனுக்கு ஏழுன்னா எப்படி?" நியாயமான கேள்வி. பேரன் தன் சொந்தத் தலைக்காக வாங்கவில்லை, அவன் அம்மாவின் பங்கை வாங்குகிறான். அந்த அம்மா இருந்திருந்தால் அவளுக்கும் 21 தான் வந்திருக்கும். இதைச் சொன்னதும் அவர் தலையாட்டினார், ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது.

வயதுக்கு வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து, சட்டம் எப்படியோ இருக்கட்டும், நாங்கள் பதினைந்து பதினைந்தாக எடுத்துக்கொள்கிறோம் என்றால் யாரும் தடுக்க முடியாது. அவரவர் பணம். பங்குள்ள எல்லாரும் கையெழுத்துப் போட்டால் வாங்குபவருக்கும் கவலை இல்லை. ஆனால் இங்கே சின்ன மகளின் பையனுக்கு வயது 16. மைனரின் அசையாச் சொத்தை விற்க, இயற்கைப் பாதுகாவலரான அப்பாவே ஆனாலும், கோர்ட் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அந்த மனுவில் மைனரின் பங்கு எத்தனையில் எத்தனை, அவனுக்கு வரும் தொகை எவ்வளவு என்று எழுதியாக வேண்டும். 21 வர வேண்டிய இடத்தில் 15 என்று எழுதினால், மைனருக்கு நன்மை இல்லாத விற்பனைக்குக் கோர்ட் எப்படி அனுமதி கொடுக்கும்? அனுமதி வாங்காமலே பத்திரம் போட்டால், பையன் 18 முடிந்து மூன்று வருஷத்துக்குள் அந்த விற்பனையைச் செல்லாது என்று கேட்டு வழக்குப் போடலாம். வாங்குபவரின் வக்கீல் கெட்டிக்காரராக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார். இல்லாவிட்டால்தான் ஆபத்து.

இன்னொரு விஷயம், நான் எப்போதும் முதலில் கேட்பது: இறப்புச் சான்றிதழ்களைத் தேதிவாரியாக அடுக்குங்கள். யார் முன்னே போனார், யார் பின்னே போனார் என்பதுதான் எந்த விதி என்று தீர்மானிக்கிறது. இதே குடும்பத்தில் மூத்த மகன் அப்பாவுக்கு அடுத்த மாதம் இறந்திருந்தால் என்ன ஆகும்? அப்பா இறந்த நிமிஷமே 21 லட்சம் மதிப்புள்ள பங்கு அவருக்கு வந்துவிட்டது. அப்புறம் அது அவருடைய சொத்தாக அவருடைய வாரிசுகளுக்குப் போகும், அதில் அவருடைய அம்மாவும் உண்டு. அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான்கு பேர், ஆளுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம். பிள்ளைகளுக்கு 7 என்பது 5.25 ஆகக் குறைகிறது. சின்ன மகள் அப்பாவுக்குப் பின் இறந்திருந்தால் அவள் பங்கு அவள் மகனுக்கும் கணவருக்கும் பாதிப் பாதி. ஒன்றுமே இல்லாத மருமகனுக்குப் பத்தரை லட்சம்! அந்தந்தச் சான்றிதழில் அம்மா பெயரும் மருமகன் பெயரும் இருப்பது இப்படிப்பட்ட சொத்துக்காகத்தான். தாசில்தார் கொடுக்கும் சான்றிதழ் யார் யார் என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது.

இவ்வளவும் இந்துக்களுக்கு. ராயபுரம், காசிமேடு பக்கம் வரும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதில் தலைக்கணக்கு உண்மையாகவே வரும் இடம் ஒன்று இருக்கிறது. மனைவி இழந்த ஒருவருக்கு மகன், மகள் என்று இரண்டு பிள்ளைகள். மகனுக்கு ஒரு பையன், மகளுக்கு மூன்று பெண்கள். மகள் உயிரோடு இருந்து மகன் மட்டும் முன்பே இறந்திருந்தால் கிளைக்கணக்குதான், மகளுக்குப் பாதி, பேரனுக்குப் பாதி. மகன், மகள் இருவருமே முன்பே இறந்து, நான்கு பேரப்பிள்ளைகள் மட்டும் மிஞ்சினால் எல்லாரும் ஒரே படியில் நிற்கிறார்கள், ஆளுக்குக் கால் பங்கு. இதே குடும்பம் இந்துக் குடும்பமாக இருந்து, இறந்த பிள்ளைகளுக்குத் துணையும் இல்லையென்றால் பேரனுக்குப் பாதி, மூன்று பேத்திகளுக்கும் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. முஸ்லிம் குடும்பங்களில் கதையே வேறு: உயிரோடு ஒரு மகன் இருந்தால், முன்பே இறந்த பிள்ளையின் பிள்ளைகளுக்கு வாரிசாகப் பங்கு இல்லை, தாத்தா உயிலாக மூன்றில் ஒரு பங்கு வரை எழுதிவைக்கலாம். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கொருக்குப்பேட்டை குடும்பத்துக்கு வருகிறேன். மனு போட்டு, பையனின் 21 லட்சத்தை அவன் வயதுக்கு வரும்வரை வங்கியில் டெபாசிட் செய்யச் சொல்லி அனுமதி வந்தது, மற்றவர்களும் கிளைக்கணக்குப்படியே வாங்கிக்கொண்டார்கள். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அத்தனை நாளும் பேசாமல் இருந்த பாட்டி, பணம் கைக்கு வந்தபின் தனியாக வந்தார். "மூத்தவன் பொண்டாட்டி ரெண்டு புள்ளைங்களோட நிக்கிறா. என் பங்குல அவளுக்கும் குடுக்கணும், எனக்கப்புறம் தானா போவும்ல?"

போகாது. பெண் இறந்தால் பிரிவு 15, 16. பாட்டிக்குப் பிறகு அந்த 21 லட்சம் நான்கு கிளைக்கு நாலு பங்காகும். மூத்த மகன் கிளையின் கால் பங்கு அவனுடைய பிள்ளைகள் இருவருக்கு மட்டும். மாமனார் சொத்தில் பங்கு வாங்கிய அதே மருமகளுக்கு மாமியார் சொத்தில் ஒன்றும் வராது. உயில்தான் வழி என்றேன்.

"அப்போ மருமகளுக்குக் கொஞ்சம், மீதி பேரப்புள்ளைங்களுக்குச் சமமான்னு எழுதிடு" என்றார். எத்தனை பேரப்பிள்ளைகள் பாட்டி என்று கேட்டேன். விரல் மடக்கினார், மூத்தவனுக்கு ரெண்டு, சின்னவளுக்கு ஒண்ணு, நடுவுலவனுக்கு ரெண்டு, பெரியவளுக்கு ஒண்ணு. ஆறு வந்தது. அவர் மனதில் இருந்தது மூன்றுதான், அப்பன் இல்லாத ரெண்டும் ஆத்தா இல்லாத ஒண்ணும். 'பேரப்பிள்ளைகளுக்குச் சமமாக' என்று எழுதியிருந்தால் ஆறு பேரும் வந்து நிற்பார்கள், ஆறு தலையா, நாலு கிளையா என்று வேறு சண்டை நடக்கும். அந்த வார்த்தையை எடுத்துவிட்டு, மருமகளையும் சேர்த்து நான்கு பேருக்கும் பெயர், அப்பா பெயர், ஆளுக்கு எத்தனை லட்சம், அவர்களில் ஒருவர் பாட்டிக்கு முன்பே போய்விட்டால் அந்தப் பணம் யாருக்கு என்று நான்கு வரி எழுதினோம். நாலாவது வரிக்கு மட்டும் பாட்டி ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.