கூடைக்கு வெளியே விழும் கொழுந்து

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் வந்திருந்தார். "கை முன்னாடியே திறந்துக்குது டாக்டர்" என்றார். விரலில் வலுக்குறைவு இல்லை, இலையை நன்றாகவே கிள்ளுகிறார். தோளுக்கு மேலே முதுகுக் கூடைக்குள் வீசும்போது மட்டும் பாதி வெளியே விழுகிறது. பத்து நாள் முன்பு மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் ஏறி வந்தபோது திடீரென்று தலைசுற்றல், வாந்தி. கொண்டை ஊசி வளைவுதானே என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் வலது சிறுமூளையின் பக்கவாட்டில் பக்கவாதம். சிறுமூளை கெட்டால் அதே பக்கக் கைதான் தடுமாறும், எதிர்ப்பக்கம் அல்ல.

வீசும் கையில் விரல் எப்போது திறக்க வேண்டும் என்பது ஒரு நொடிக்குள் முடியும் கணக்கு. அதைச் சிறுமூளைதான் பார்த்துக்கொள்கிறது. சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். போனில் 550 மில்லிவினாடிக்கு ஒரு 'டிக்' வைத்து, அதோடு சேர்ந்து மேசையைத் தட்டச் சொன்னேன். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு, அதே வேகத்தில் தொடரச் சொல்லிப் பதிவு செய்தேன். சராசரி கிட்டத்தட்ட சரிதான். ஆனால் ஓர் இடைவெளி 450, இன்னொன்று 680 என்று தாவியது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. மூளைக்குள் நேரத்தை அளக்கும் கடிகாரம் சரியாக ஓடி, கை மட்டும் ஒரு தட்டில் தாமதித்தால், அந்த இடைவெளி நீளும், அடுத்தது அதே அளவு குறுகும். கடிகாரமே தவறினால் அப்படி ஈடுகட்டாது. தட்டுகளை எழுதிப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியும். சிறுமூளையின் நடுப்பகுதி கெட்டவர்களிடம் கையின் பிழையும், பக்கவாட்டுப் பகுதி கெட்டவர்களிடம் கடிகாரத்தின் பிழையும் கூடுவதை 1980-களிலேயே ரிச்சர்ட் ஐவ்ரி என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள். அக்காவுடையது இரண்டாவது வகை. பத்துப் பதினைந்து தட்டை வைத்து முடிவுகட்ட முடியாது. நான் ஐம்பதுக்குக் குறையாமல் எடுப்பேன். அப்போதும் இது ஸ்கேனுக்கு மாற்று இல்லை.

அதே வாரம் பார்க்கின்சன் உள்ள தாத்தா ஒருவரும் தட்டினார். சத்தம் நின்றதும் அவர் தாவவில்லை. போகப் போக வேகமெடுத்தார், 550 மெல்ல 400-க்கு வந்துவிட்டது. அவருக்குக் கெட்டிருப்பது மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்பணுத் திரள், அதற்கு வரும் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைவு. இது பல வினாடிக் கணக்கையும் குழப்பும். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்து எடுக்காத நிலையில் பார்க்கின்சன் நோயாளிகள் 8 வினாடியை நீட்டியும் 21 வினாடியைச் சுருக்கியும் காட்டினார்கள். டோபமினை ஈடுகட்டும் லெவோடோபா மருந்தை எடுத்ததும் இரண்டும் ஏறக்குறைய இடத்துக்கு வந்தன. அதனால் தாத்தாவிடம் எதைச் சோதித்தாலும் கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்வேன்.

அக்காவைப் போலத் திடீரென்று தலைசுற்றி, நடை தள்ளாடினாலோ, நீட்டிய கை டம்ளரைத் தாண்டிப் போனாலோ, பஸ் வளைவைக் குறை சொல்லாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். முதல் நாள் சி.டி. ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் நம்பிவிட வேண்டாம். சிறுமூளையைச் சுற்றியுள்ள தடித்த எலும்பு அங்கே படத்தைக் கலங்கடித்துவிடும்.