நட்டம் இரட்டித்த கிளைக்கு ‘லாபம் 100% உயர்வு’ என்று எழுதும் டேஷ்போர்டு

போன திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே ஒரு வாடிக்கையாளரிடமிருந்து அழைப்பு. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் கடைக்காரர்கள். அவர்களுடைய மண்டல மேலாளர் அதிகாலையில் மொபைலில் டேஷ்போர்டைத் திறந்திருக்கிறார். வரைபடத்துக்கு மேலே தானாக உருவாகும் இரண்டு வாக்கியங்களை மட்டும் படித்துவிட்டு, ஒரு கிளைக்குப் பாராட்டும் இன்னொன்றுக்குக் கண்டிப்புமாக வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டார். இரண்டுமே தலைகீழ்.

முதல் கிளை மார்ச்சில் ₹2 லட்சம் நட்டம், ஏப்ரலில் ₹4 லட்சம் நட்டம். டேஷ்போர்டு எழுதியது: “லாபம் 100% உயர்ந்துள்ளது.” இரண்டாவது கிளை மார்ச்சில் ₹2 லட்சம் நட்டத்தில் இருந்து, ஏப்ரலில் ₹1 லட்சம் லாபத்துக்கு வந்திருக்கிறது. அதற்கு எழுதியது: “லாபம் 150% குறைந்துள்ளது.” நட்டத்தில் கிடந்த கிளையைத் தூக்கி நிறுத்திய மனிதருக்குக் கிடைத்தது திட்டு.

அந்த டேஷ்போர்டைச் செய்து கொடுத்த தம்பியிடம் கேட்டேன். “பார்முலா சரிதானே அண்ணா, எல்லாரும் போடுறதுதானே” என்றார். இந்த ஒரு பதிலைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. நடப்பு எண்ணிலிருந்து முந்தைய எண்ணைக் கழித்து, முந்தைய எண்ணால் வகுக்க வேண்டும். சரி. முந்தைய எண் மைனஸ் 2 என்றால்? மைனஸ் 4-இல் இருந்து மைனஸ் 2-ஐக் கழித்தால் மைனஸ் 2. அதை மைனஸ் 2-ஆல் வகுத்தால் பிளஸ் 1. அதாவது 100%. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பிழை, அந்த எண்ணுக்குப் பின்னால் ‘உயர்ந்துள்ளது’ என்று ஒட்டிய சொல்லில் இருக்கிறது.

உடனே சிலர் வகுக்கும் எண்ணுக்கு `ABS` போட்டுவிட்டால் தீர்ந்தது என்பார்கள். குறி சரியாகும், உண்மைதான். ஆனால் ₹2 லட்சம் நட்டத்திலிருந்து ₹1 லட்சம் லாபத்துக்கு வந்ததை “லாபம் 150% உயர்வு” என்று படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? ஏற்கெனவே நல்ல லாபம் இருந்தது, அது இரண்டரை மடங்காகிவிட்டது என்றுதானே. அடிப்படை எண் சுழியோ மைனஸோ என்றால் சதவீதத்துக்கே அங்கே வேலை இல்லை. பவர் பிஐயில் நான் எழுதுவது இப்படி:

```
Pct = IF([Prev] > 0, DIVIDE([Cur] - [Prev], [Prev]))
```

நிபந்தனை பொருந்தாவிட்டால் இது வெற்றாக நிற்கும். இங்கேதான் பலர் அடுத்த குழியில் விழுகிறார்கள். வாக்கியம் எழுதும் இடத்தில் `IF([Pct] > 0, "உயர்வு", "குறைவு")` என்று இருந்தால், வெற்று மதிப்பு சுழியாகக் கொள்ளப்பட்டு ‘குறைவு’ என்று வந்து நிற்கும். ஆகவே முதலில் `ISBLANK` பாருங்கள். வெற்று என்றால் சதவீத வாக்கியமே வேண்டாம், ரூபாயில் சொல்லுங்கள்: “மார்ச்சில் ₹2 லட்சம் நட்டம், ஏப்ரலில் ₹1 லட்சம் லாபம்.”

அடுத்து, விகிதத்துக்கே சதவீத மாற்றம் சொல்லும் பழக்கம். ஆயிரம் பொருள் விற்று, போன மாதம் 40 திரும்பி வந்தது, இந்த மாதம் 60. திரும்பும் விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதம். இதை “2% உயர்வு” என்று எழுதுகிறார்கள். 4-இல் 2 சதவீதம் உயர்ந்தால் 4.08 தான் வரும், 6 வராது. இன்னொரு டேஷ்போர்டு “50% உயர்வு” என்கிறது. கணக்குப்படி சரி, ஆனால் கிடங்கில் இருப்பவர் பாதிச் சரக்கு திரும்பி வந்துவிட்டதோ என்று பதறுகிறார். இங்கே எழுத வேண்டியது “2 சதவீதப் புள்ளி உயர்வு”. அதுவும் போதாது. “4%-இலிருந்து 6% ஆனது” என்று இரண்டு எண்ணையும் வையுங்கள். சதவீதப் புள்ளி என்ற சொல்லே தெரியாதவருக்கும் அது விளங்கும்.

ஆங்கில டெம்ப்ளேட்டை எடுத்து அப்படியே தமிழில் போடுபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் ‘ஆக’ என்ற சிறு ஒட்டு எண்ணின் பொருளையே மாற்றிவிடும். “விற்பனை ₹12 லட்சம் உயர்ந்தது” என்றால் இருந்ததற்கு மேல் 12 லட்சம் கூடியது. “₹12 லட்சமாக உயர்ந்தது” என்றால் இப்போதைய மொத்தமே 12 லட்சம். இரண்டாவதை எழுத நினைத்து முதலாவதை எழுதிய டெம்ப்ளேட்டுகளை இந்த ஆண்டு மட்டும் மூன்று இடத்தில் திருத்தினேன். மடங்கும் அப்படித்தான். ₹10 லட்சம் ₹20 லட்சமானால் அது இருமடங்கு, 100% உயர்வு. 200% உயர்வு என்றால் ₹30 லட்சம். இதை மாற்றி எழுதாத ஆள் குறைவு. இன்னொன்று, “-12% குறைந்துள்ளது”. ‘குறைந்துள்ளது’ என்ற சொல்லே போதும், மைனஸ் குறியை எடுத்துவிடுங்கள்.

எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்பது வாக்கியத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். மே 4-ஆம் தேதி காலையில் “இந்த மாத விற்பனை 90% சரிவு” என்று வந்தால், மூன்று நாள் விற்பனையை ஏப்ரலின் முப்பது நாளோடு வைத்துப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். மே 1 முதல் 3 வரைக்கு ஏப்ரல் 1 முதல் 3 வரையை எடுங்கள், தேதிகளை எழுதுங்கள். துணிக்கடைக்கு அதுவும் போதாது. தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. 2024 நவம்பரை முந்தைய நவம்பரோடு ஒப்பிட்டால், முந்தைய ஆண்டு நவம்பரின் முதல் பத்து நாளில் நடந்த பண்டிகை விற்பனை இந்தப் பக்கம் இருக்கவே இருக்காது. தீபாவளிக்கு முந்தைய முப்பது நாளை, தீபாவளிக்கு முந்தைய முப்பது நாளோடு ஒப்பிடும்படி தேதி அட்டவணையில் ஒரு நெடுவரிசை சேர்த்தால் முடிந்தது.

சிறிய எண்களுக்குச் சதவீதமே வேண்டாம். புகார் ஒன்றிலிருந்து மூன்றானதை “200% அதிகரிப்பு” என்று சிவப்பில் காட்டி யாரையும் பயமுறுத்தாதீர்கள். அடிப்படை எண் 30-க்குக் கீழே போனால் நான் எண்ணிக்கையைத்தான் எழுதுகிறேன். 30 என்பது நான் வைத்துக்கொண்ட எல்லை. உங்கள் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஏதோ ஓர் எல்லை இருக்கட்டும். 0.04% மாற்றத்தை ஒரு தசமத்துக்குச் சுருக்கி “0.0% உயர்ந்தது” என்று போடவும் வேண்டாம். “மாற்றம் இல்லை” என்று எழுதுங்கள்.

வெளியிடுவதற்கு முன் ஏழு சோதனை வரிகள் போதும்: முந்தைய எண் சுழி; முந்தைய எண் மைனஸ், நடப்பு அதைவிட மோசம்; முந்தைய எண் மைனஸ், நடப்பு பிளஸ்; முந்தைய எண் வெற்று; இரண்டும் சமம்; முந்தைய எண் 1; மாதத்தின் 2-ஆம் தேதி. ஒவ்வொன்றுக்கும் வரும் வாக்கியத்தை, டேஷ்போர்டைப் பார்க்காத ஒருவரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். அரை மணி நேர வேலை. தயவுசெய்து அதைச் செய்யாமல் யார் மொபைலுக்கும் அனுப்பாதீர்கள்.

அந்த இரண்டு கிளைகளின் வாக்கியங்களை அன்று மதியமே மாற்றிவிட்டோம். இப்போது முதல் கிளைக்கு வருவது: “நட்டம் ₹2 லட்சத்திலிருந்து ₹4 லட்சமாக அதிகரித்துள்ளது (மார்ச் முழுவதும், ஏப்ரல் முழுவதும்).” இரண்டாவது கிளை மேலாளரை மண்டல மேலாளரே அழைத்துப் பேசியிருக்கிறார்.