ஸ்டெப்னி மாட்டியதும் ஏபிஎஸ் விளக்கு எரிவது ஏன்?

டயர் பஞ்சர். ஸ்டெப்னியை மாட்டிக் கிளம்புகிறீர்கள். இரண்டு தெரு தாண்டுவதற்குள் டாஷ்போர்டில் மஞ்சளாக ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. பிரேக்கில் யாரும் கையே வைக்கவில்லையே!

பிரேக்கை அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் சுற்றாமல் லாக் ஆகிவிடாதபடி பார்த்துக்கொள்வது ஏபிஎஸ். அதன் கணினி சக்கரத்தைப் பார்ப்பதில்லை, பற்களைத்தான் எண்ணுகிறது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு வளையத்தில் பற்கள் இருக்கும். பக்கத்தில், கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், சென்சார் நிற்கும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு கணினிக்குப் போகும். நான்கு சக்கரங்களின் துடிப்புகளையும் கணினி ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

185/65 R15 டயரின் விட்டம் சுமார் 621 மி.மீ. வளையத்தில் 48 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 410 துடிப்புகள் வரும். ஸ்டெப்னியோ 175/65 R14 என்றால் விட்டம் 583 மி.மீ.தான். சின்ன சக்கரம் அதே தூரத்தைக் கடக்க அதிகம் சுற்ற வேண்டும், அதனால் துடிப்பு 437 ஆகிவிடும். நேர்ச்சாலையிலும் ஒரு சக்கரம் மட்டும் விடாமல் 6 சதவீதத்துக்கு மேல் வேகமாகச் சுற்றுகிறது. வளைவில் திரும்பும்போது வரும் வித்தியாசம் சற்று நேரத்தில் மறைந்துவிடும்; இது மறையாது. சென்சார் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டி, கணினி ஏபிஎஸ்ஸை நிறுத்திவிட்டு விளக்கைப் போடும். எவ்வளவு வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளும் என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

அளவு சரியாக இருந்தும் எரிகிறதா? அப்போது அழுக்கைச் சந்தேகிக்கலாம். காந்தம் உள்ள சென்சாரின் முனையில் பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் மீசை போல ஒட்டிக்கொள்ளும். பற்களுக்கு நடுவே சேறு இறுகினால் சென்சார் முனையை அது தள்ளிவிடலாம். வளையத்துக்கு அடியில் துரு பிடித்தால் அது உப்பி, வளையமே விரிசல் விடுவதும் உண்டு. பழைய வகை சென்சாருக்கு இன்னொரு பலவீனமும் இருக்கிறது: வண்டி மெதுவாகப் போனால் அதன் மின்னழுத்தமும் குறையும். இடைவெளி கொஞ்சம் கூடினாலே குறைந்த வேகத்தில் துடிப்பு காணாமல் போய்விடும்; சக்கரம் லாக் ஆகிவிட்டது என்று நினைத்து கணினி ஏபிஎஸ்ஸை இயக்கிவிடும். அதனால்தான் சில வண்டிகளில், நிற்கப்போகும் கடைசி சில அடிகளில் பிரேக் பெடல் காரணமில்லாமல் அதிர்கிறது.

எந்தக் கோளாறு என்று விளக்கு எரியும் நேரமே ஓரளவு காட்டிக்கொடுக்கும். சாவி போட்டதும் எரிந்த விளக்கு அணையவே இல்லையென்றால் ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது கனெக்டர் கழன்றிருக்கலாம். சக்கரம் கழற்றும்போது ஒயர் இழுபட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அணைந்துவிட்டு, வண்டி ஓடத் தொடங்கிய பிறகு எரிந்தால் வளையம், இடைவெளி, டயர் அளவு பக்கம் பாருங்கள். ஓடினால்தானே பற்களை எண்ண முடியும்!

வளையத்தைச் சுத்தம் செய்ய நைலான் பிரஷ்ஷும் பிரேக் கிளீனரும் போதும். ஆனால் புது வண்டிகள் பலவற்றில் பல்லே கிடையாது; பேரிங் சீலிலேயே காந்தத் துருவங்கள் பதிந்திருக்கும். அதன் அருகே காந்தத்தையோ கம்பி பிரஷ்ஷையோ கொண்டுபோகாதீர்கள். பேரிங்கைப் பக்கம் மாற்றி மாட்டிவிட்டாலும் சென்சாருக்கு ஒன்றும் தெரியாது, விளக்கு எரிந்தபடியே இருக்கும்.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். அழுத்திப் பிடித்தால் சக்கரம் லாக் ஆகும், அவ்வளவுதான். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி, முதலில் பிரேக் ஆயிலைப் பாருங்கள்.