'மச்சா'வுக்கும் 'ப்ரோ'வுக்கும் நடுவே உள்ள தூரம்

உடன்பிறந்த ஆணை அழைப்பதற்கு, வயதைக் காட்டாத சொல் அன்றாடத் தமிழில் இல்லை. 'அண்ணா' என்றோ 'தம்பி' என்றோ அழைத்தாக வேண்டும். அழைத்த உடனேயே மூத்தவர் யார், இளையவர் யார் என்பது முடிவாகிவிடுகிறது. ஒரே வகுப்பில் படிக்கும் இருவருக்கு அந்த ஏற்றத்தாழ்வு ஒத்துவராது. தமிழ்நாட்டுப் பதின்வயதினர் 'மச்சா', 'ப்ரோ' ஆகிய இரண்டையும் நாடுவதற்கு இது ஒரு காரணம்.

'மச்சான்' என்பது மாமன் மகனையும் அத்தை மகனையும், அக்காள் கணவனையும், மனைவியின் உடன்பிறந்தானையும் குறிக்கும் உறவுச்சொல். பங்காளி உறவில் அடக்கம் எதிர்பார்க்கப்படும்போது, மாமன் மச்சான் உறவில் கேலியும் கிண்டலும் உரிமையாகவே கருதப்படுகின்றன. நண்பர்கள் கடன் வாங்கியது இந்தக் கேலி உரிமையைத்தான். 'அண்ணன்' விளிக்கும்போது 'அண்ணா' ஆவதைப் போலவே, 'மச்சான்' இறுதி மெய் கெட்டு 'மச்சா' ஆகிறது.

இவ்விரு சொற்களின் வேறுபாட்டை வினைமுற்றில் காணலாம். 'சொல்லுங்க ப்ரோ' என்பது இயல்பாக ஒலிக்கிறது. ஆகவேதான் பெயர் தெரியாத கடைக்காரரிடமும் அது செல்லுபடியாகிறது. 'சொல்லு மச்சா', 'வாடா மச்சா' என்பனவும் இயல்பானவையே. ஆனால் நண்பனிடம் 'சொல்லுங்க மச்சா' என்றால் கேலியாகவே படும். (அக்காள் கணவரிடம் 'சொல்லுங்க மச்சான்' என்பது மரியாதையான பேச்சு, அங்கே அது உண்மையான உறவு.) 'ப்ரோ' தூரத்தோடும் நெருக்கத்தோடும் ஒத்துப்போகும், நட்பில் வழங்கும் 'மச்சா'வோ தூரத்தை ஏற்காது.

பதினொன்றாம் வகுப்பில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேரும் மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். முதல் நாள்களில் எல்லோருக்கும் அவன் 'ப்ரோ'. கடைசி வரிசையில் ஒருவரையொருவர் 'மச்சா' என்றழைக்கும் நால்வரை, கேட்ட மாத்திரத்தில் அவனும் அப்படி அழைத்துவிட முடியாது. அழைத்தால் பதிலாக ஒரு 'ப்ரோ' வரும், அதுவே மறுப்பு. அவர்களில் ஒருவன் முதலில் அவனை 'மச்சா' என்று அழைக்க, அவனும் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லி, அது உறுத்தாமல் கடந்துபோகும் கணத்தில்தான் அவன் குழுவுக்குள் வந்திருக்கிறான்.

திருப்பிச் சொல்ல முடிவதே இங்கு முக்கியம். ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் இருவரும் 1960இல் ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களை ஆராய்ந்து, நெருக்கத்துக்குரிய ஒரே சொல்லை இருவரும் பரிமாறிக்கொண்டால் அது தோழமையையும், ஒருவழியாக மட்டும் சென்றால் அதிகாரத்தையும் காட்டுவதாக விளக்கினர். மேல்வகுப்பு மாணவன் 'டேய் மச்சா' என்று அழைக்க, இளையவன் 'அண்ணா' என்றே பதில் சொல்ல வேண்டியிருந்தால் அங்கே நடப்பது நட்பன்று. மாணவரிடம் 'மச்சா' போட்டுப் பேசிப் பார்க்கும் ஆசிரியருக்கு வகுப்பில் சிரிப்பு மட்டுமே கிடைப்பதும் இதனால்தான்.

சொல் மட்டும் கொண்டு நெருக்கத்தை அளந்துவிடவும் முடியாது. சில குழுக்களில் 'மாப்ள', சிலவற்றில் 'பங்காளி' என்று அழைப்பு மாறும். பெண்கள் தங்களுக்குள் 'மச்சி' என்பதும் உண்டு. 'ப்ரோ'வையே நெருக்கமாக வழங்கும் குழுக்களும் இருக்கின்றன. எனவே ஒருவன் எந்தச் சொல்லைச் சொல்கிறான் என்பதைவிட, வழக்கமான சொல்லிலிருந்து எப்போது விலகுகிறான் என்பதைக் கவனிப்பதே பயன் தரும். நேற்றுவரை 'மச்சா' என்றவன், சண்டைக்கு மறுநாள் 'சரிங்க ப்ரோ' என்று மட்டும் பதில் அனுப்பினால், கோபம் இன்னும் ஆறவில்லை என்பது பெறுபவனுக்கு உடனே புரிந்துவிடும்.