கீழாநெல்லியை கேமராவுக்கு காட்டுறப்போ கிளையை திருப்பிப் பிடிங்க

போன மழைக்கு கொல்லைப்பக்கம் ஒரு செடி கும்பலா மொளைச்சிருந்துச்சு. அத்தை பாத்ததுமே "கீழாநெல்லிடா"ன்னாங்க. நான்தான் எதுக்கும் பாத்துருவோமேன்னு நின்ன வாக்குலயே மேல இருந்து ஒரு போட்டோ எடுத்து, போன்ல இருந்த ஒரு ஆப்ல தேடினேன். முதல் பதில் புளியங்கன்னு, ரெண்டாவது தொட்டாச்சிணுங்கி, மூணாவதாதான் கீழாநெல்லி வந்துச்சு. அத்தை ஒண்ணும் சொல்லல, குனிஞ்சு ஒரு கிளையை திருப்பிக் காட்டுனாங்க, அடியில கடுகு சைசுல பச்சைப் பச்சையா காய் வரிசையா தொங்குது. கீழ காய் இருக்கறதாலதான கீழாநெல்லின்னே பேரு, அடையாளத்தை பேருலயே எழுதி வெச்சிருக்காங்க, நான் அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுட்டு மிச்சத்தையெல்லாம் படம் புடிச்சிருக்கேன்.

சரி, ஆப் ஏன் புளியங்கன்னுன்னு சொல்லுச்சு? அதுக்கு போட்டோ உள்ள போனதும் என்ன நடக்குதுன்னு பாக்கணும்.

சில ஆப் முதல்ல படத்துல எது முக்கியமான பொருள்னு கண்டுபுடிச்சு அதைச் சுத்தி ஒரு கட்டம் போடும். அடுத்து அந்தக் கட்டத்தையோ முழுப் படத்தையோ சின்னதாக்கும், இங்கதான் பாதி வில்லங்கமே. போன் கேமரா 12 மெகாபிக்சல்னா படம் 4000க்கு 3000 புள்ளி, ஆனா படத்தை அலசுற மாடல் அவ்வளவு பெருசை வாங்காது, ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கற அளவு 224க்கு 224 புள்ளிதான் (இப்போ வர்ற சிலது இதைவிட பெருசா வாங்கும், இருந்தாலும் படம் முழு அளவுல போறது இல்ல). என் கணக்கை பாருங்க, நான் எடுத்த படத்துல குறுக்கே ஒரு 40 சென்டிமீட்டர் தரை தெரிஞ்சுது, கீழாநெல்லி காய் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், அதாவது படத்தோட அகலத்துல இருநூத்துல ஒரு பங்கு. 224 புள்ளியா சுருங்குனப்புறம் ஒரு காய்க்கு கிடைக்கறது ஒரே ஒரு புள்ளி. காய் மேல பாத்த மாதிரி இருந்திருந்தாலும் மாடலுக்கு அது ஒரு பச்சைத் தூசிதான். அதே செடிய 4 சென்டிமீட்டர் மட்டும் தெரியற மாதிரி கிட்டக்க போய் எடுத்தா அதே காய் 11 புள்ளி அகலத்துக்கு வரும், அப்போ உருண்டையா ஒண்ணு தொங்குதுன்னாவது தெரியும்.

இப்படி சுருங்குன படத்தை மாடல் அடுக்கடுக்கா வடிகட்டும். முதல் அடுக்குகள்ல கோடு, ஓரம், நிறம் மாறுற இடம், மேல போகப் போக அந்தக் கோடுகள் சேர்ந்த வடிவம், கடைசியில 512 இல்ல 2048 எண் கொண்ட ஒரு வரிசை வெளிய வரும். அந்த எண் வரிசைய ஒரு முகவரின்னு வெச்சுக்கலாம். பேர் போட்ட லட்சக்கணக்கான போட்டோவை காட்டி பழக்குறப்போ ஒரே பேர் போட்ட படங்களோட முகவரி கிட்டக்கிட்ட வரணும், வேற பேரு தூரமா போகணும்னு உள்ள இருக்கற எண்களை மாத்தி மாத்தி சரி பண்ணுவாங்க. நாம எடுத்த படத்துக்கு முகவரி கிடைச்சதும் பக்கத்துல யாரு குடியிருக்கான்னு பாத்து சொல்றதுதான் பதில். இலைன்னா என்ன காய்னா என்னன்னு யாரும் அதுக்கு சொல்லிக்குடுக்கல, பாக்க ஒண்ணா இருந்தா பக்கத்து வீடு, அவ்வளவுதான்.

இப்போ புளியங்கன்னு ஏன்னு புரியும். கீழாநெல்லியில நடுத்தண்டுல இருந்து மெல்லிசா பக்கக்கிளை போகும், அதோட ரெண்டு பக்கமும் குட்டி குட்டியா தனித்தனி இலை. மேல இருந்து பாத்தா அந்தக் கிளை முழுசும் புளிய இலை மாதிரி ஒரே கூட்டிலையாத்தான் தோணும். வித்தியாசம் என்னன்னா, புளியில அந்த குட்டி இலை ஒண்ணொண்ணும் பெரிய இலையோட துண்டு, துண்டு இலையோட அடியில பூவோ காயோ வராது. கீழாநெல்லியில ஒவ்வொண்ணும் முழு இலைங்கறதால ஒவ்வொரு இலைக்கக்கத்துலயும் பூ வைக்கும், காய் வைக்கும். தாவரவியல் படிச்சவங்க பாக்கற இடமும் அத்தை பாத்த இடமும் ஒண்ணுதான், அது கிளைக்கு அடியில இருக்கு.

ஒரு கோபுரத்தையோ பிஸ்கட் பாக்கெட்டையோ காட்டுனா இந்தத் தொல்லை இவ்வளவு வராது. கோபுரம் ஒண்ணே ஒண்ணு, பாக்கெட்ல எழுத்து இருக்கு, ஆயிரம் பாக்கெட்டும் ஒரே அச்சு. செடி அப்படியா, தண்ணி கிடைச்சா ஒரு மாதிரி, காஞ்சா ஒரு மாதிரி.

இன்னொரு சங்கதி, சில ஆப் பேருக்குப் பக்கத்துல காட்டுற சதவீதம். பேர்ப் பட்டியல் வெச்சு வேலை செய்யற மாடல் பலதுல கடைசிக் கணக்கு மொத்தம் 100 வர்ற மாதிரி பங்கு பிரிக்கறதுதான். நீங்க காட்டுற செடி அந்தப் பட்டியல்லயே இல்லைன்னு வைங்க, அப்பவும் நூறையும் இருக்கறவங்களுக்கே பிரிச்சுக் குடுத்துரும், "தெரியல"ங்கறதுக்கு தனியா ஒரு இடம் வெச்சு பழக்கலைன்னா அது சொல்லாது. அதனால 80 சதவீதம்னு பாத்ததும் ஏமாந்துராதீங்க, இருக்கறதுக்குள்ள இதுதான் கிட்டன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். நான் இப்போ பண்றது, ஒரே செடிய மூணு கோணத்துல எடுப்பேன், மூணுக்கும் ஒரே பேர் வந்தா சரி, பேர் தாவிக்கிட்டே இருந்தா அந்த பதிலை விட்டுருவேன். பிளான்ட்நெட் ஆப் ஒரே செடிக்கு பல படம் வாங்கிக்கும், ஒவ்வொண்ணும் இலையா பூவா காயா பட்டையான்னு பிரிச்சும் வெச்சுக்கும், செடிக்கு அதுதான் சரியான முறைன்னு எனக்கு படுது. ஐநேச்சுரலிஸ்ட்ங்கற இன்னொரு ஆப்ல எந்த ஊர்ல எடுத்ததுன்னும் சேர்த்து பாக்கும்.

பழக்குன படத்துலயே பேர் தப்பா இருந்தா என்ன ஆகும்? கீழாநெல்லிக்கே அது நடந்திருக்கு. நம்ம ஊர்ல இருக்கறதோட அறிவியல் பேரு ஃபில்லாந்தஸ் அமாரஸ், ஆனா பழைய புத்தகங்கள்ல ஃபில்லாந்தஸ் நிரூரின்னு போட்டாங்க, அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. அந்தப் பேரு இன்னும் மருந்து டப்பாவுல, இணையத்துல எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு. மாடலுக்கு ஒட்டுன சீட்டுதான் வேதம், அதனால ஒரே செடிக்கு ரெண்டு பேர் மாறி மாறி வந்தா ஆச்சரியப்படாதீங்க. மனுஷங்களும் ஒண்ணும் சளைச்சவங்க இல்ல, தென்னிந்திய கடைகள்ல விக்கற காஞ்ச கீழாநெல்லியை ஆராய்ஞ்சு 2010ல வெளிவந்த ஒரு ஆய்வுல, அதுல வேற ஃபில்லாந்தஸ் இனங்களும் கலந்திருந்தது தெரிஞ்சுது.

சரி, என் செடிக்கு வர்றேன். மறுபடி போய் ஒரு கிளையை கிள்ளி, திருப்பி, வெள்ளைத் தாள் மேல வெச்சு நாலு விரல் உயரத்துல எடுத்தேன். புளியும் தொட்டாச்சிணுங்கியும் காணோம், வந்த ரெண்டு பேரும் ஃபில்லாந்தஸ்தான், அமாரஸ் முதல்ல, யூரினேரியா அடுத்து. இந்த ரெண்டுல எதுன்னு நம்ம கண்ணாலயே பாத்துரலாம். அமாரஸ் காய்க்கு சின்னதா ஒரு காம்பு இருக்கும், தோல் வழவழப்பு. யூரினேரியா காய் காம்பே இல்லாம கிளையோட ஒட்டி உக்காந்திருக்கும், தோல் சொரசொரன்னு இருக்கும். என்னோடது காம்போட தொங்குச்சு, அமாரஸ்தான்.

சாயந்தரம் ஆறரைக்கு இன்னொரு தடவை எடுக்கலாம்னு போனா எல்லா இலையும் மடிஞ்சு தூங்கிருச்சு, இந்தச் செடிக்கு அப்படி ஒரு பழக்கம். அந்தப் போட்டோவுக்கு வேற என்னமோ ஒரு பேர் வந்துச்சு. மறுநாள் காலையில தேடிப் போனா செடியே இல்ல, அத்தை வேரோட புடுங்கி மோருக்கு அரைச்சுட்டாங்க.