திருச்சியும் டொராண்டோவும் ஒரே நேரத்தில் படம் பார்க்க

திருச்சியில் கம்ப்யூட்டர், வைஃபை, டிவி இணைப்பு வேலை பார்க்கிறேன். ஸ்ரீரங்கம், தில்லைநகர் பக்கம் என்னைக் கூப்பிடுகிறவர்களில் நிறையப் பேர், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் அம்மா அப்பாக்கள். "பொண்ணோட சேர்ந்து படம் பார்க்கணும் தம்பி, அதுக்கு என்னமோ வசதி இருக்காமே, போட்டுக் குடு" என்று இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் முதல் நாள் அது சரியாக வருவதில்லை. அதற்குக் காரணம் ஒரு தவறான எண்ணம்: மகள் வீட்டில் ஓடும் படம் இங்கே வந்து சேரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்படி வராது. இரண்டு வீட்டிலும் படத்தைச் சேர்ந்தாற்போல ஓட வைக்கும் டெலிபார்ட்டி போன்ற வசதிகள், படத்தை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதே இல்லை. "படம் 42-ஆவது நிமிடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது நிறுத்தப்பட்டது, மறுபடி ஓடுகிறது" என்ற சின்னத் தகவலைத்தான் அனுப்புகின்றன. படத்தை ஒவ்வொரு வீடும் தன் சொந்தக் கணக்கில், தன் சொந்த இணையத்தில் தனித்தனியாக இறக்கிக்கொள்கிறது. இது புரிந்தால் யாருக்கு என்ன வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

போன வருடம் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது, காது கொஞ்சம் மந்தம். அப்பாவுக்குக் காதில் குறையில்லை. மகளும் ஒன்பது வயதுப் பேத்தியும் டொராண்டோவில். பேத்திக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மகள் அங்கிருந்து இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அப்பா அதைப் போனில் தொட்டிருக்கிறார், ஒன்றும் நடக்கவில்லை. மகள் போட்டிருந்த டெலிபார்ட்டி, கம்ப்யூட்டரில் குரோம், எட்ஜ் மாதிரியான உலாவியில் சேர்க்கும் ஒரு நீட்சி. அதனால் அந்த இணைப்பை, நீட்சி சேர்த்த லேப்டாப்பில் திறந்தால் வேலைக்கு ஆகும். டிவியில் இருக்கும் ஆப்பிலும் அது வராது. லேப்டாப்பை எச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணைத்துத்தான் பெரிய திரைக்குக் கொண்டுவர வேண்டும்.

லேப்டாப்பை எடுத்து வைத்தோம். அடுத்த முட்டு, அவர்கள் எடுத்திருந்த திட்டம். மொபைலுக்கு மட்டுமான மலிவுத் திட்டம் அது. இந்தியாவில் நெட்ஃப்ளிக்ஸ் 2021 கடைசியில் 149 ரூபாய்க்குக் குறைத்த மொபைல் திட்டமும் இந்த வகைதான்: போன், டேப்லெட் தவிர வேறெதிலும் ஓடாது. லேப்டாப்பில் ஓடாத திட்டத்தை வைத்துக்கொண்டு லேப்டாப் நீட்சியைப் போட்டுப் பயனில்லை. அடுத்த படித் திட்டத்துக்கு மாறச் சொன்னேன். மகளோ, "என் பாஸ்வேர்டையே போடுங்கண்ணா" என்றார். வேண்டாம் என்றேன். ஒரு வீட்டுக் கணக்கை இன்னொரு வீட்டில் பயன்படுத்துவதற்கு நெட்ஃப்ளிக்ஸில் 2023-இலிருந்து கட்டுப்பாடு இருக்கிறது. அதோடு, கனடாக் கணக்கைத் திருச்சியில் திறந்தாலும் இந்தியாவுக்கான படப் பட்டியல்தான் தெரியும். நாம் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான் பட்டியலைத் தீர்மானிக்கிறது, கணக்கு எந்த நாட்டுடையது என்பது இல்லை.

ஆகவே படத்தை முடிவு செய்யும் முன்னால் இரண்டு வீடுகளும் அந்தப் பெயரைத் தனித்தனியாகத் தேடிப் பார்ப்பது நல்லது. தேடும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்கச் சொல்வேன்: இரண்டு பக்கமும் படம் இருக்கிறதா, ஓடும் நேரம் ஒன்றாக இருக்கிறதா, தமிழ் ஒலியும் வேண்டிய வசன எழுத்தும் இருக்கின்றனவா. ஓடும் நேரத்தில் வித்தியாசம் இருந்தால் இரண்டும் வேறு வேறு பிரதி. அப்போது இருவரும் 42-ஆவது நிமிடத்தில் இருந்தாலும் ஒருவருக்குச் சண்டையும் இன்னொருவருக்குப் பாட்டும் ஓடும். ஒரே படம் இங்கே ஒரு தளத்திலும் அங்கே வேறு தளத்திலும் இருந்தாலும் இதே சிக்கல் வரலாம்.

மற்றபடி போடும் முறை எளிது. இரண்டு லேப்டாப்பிலும் உலாவியின் அதிகாரபூர்வக் கடையிலிருந்து `Teleparty` நீட்சியைச் சேர்த்து, அவரவர் கணக்கில் முன்கூட்டியே உள்ளே போயிருக்க வேண்டும். ஒருவர் படத்தைத் திறந்து நீட்சியின் குறியை அழுத்திப் பார்ட்டியைத் தொடங்கி, வரும் இணைப்பை அனுப்ப வேண்டும். மற்றவர் அதை லேப்டாப்பில் திறந்து சேர்ந்துகொள்ள வேண்டும். தொடங்கும்போது `Only I have control` என்று ஒரு தேர்வு வரும். அதைப் போட்டால் நிறுத்துவது, ஓட்டுவது எல்லாம் தொடங்கியவர் கையில் மட்டும் இருக்கும். பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு நான் அதைத்தான் போடச் சொல்வேன். இங்கே தவறுதலாக ஒரு பொத்தான் பட்டு, அங்கே படம் பத்து நிமிடம் தாவிப் போவதை ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

அவரவர் பிரதி அவரவரிடம் ஓடுவதால் ஒரு நல்லதும் உண்டு. வசன எழுத்தை ஒவ்வொரு வீடும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். பேத்திக்கு ஆங்கில எழுத்து போட்டால் அது திருச்சித் திரையில் வராது. அம்மாவுக்குத் தமிழ் எழுத்து பெரிதாக வேண்டும் என்று தேடினோம், அந்தப் படத்துக்கு ஆங்கிலம் மட்டும்தான் இருந்தது. தமிழ்ப் படங்களுக்கே தமிழ் வசன எழுத்து இல்லாமல் போவது வழக்கமான சங்கதிதான், வருத்தமான சங்கதியும்கூட. காது மந்தமான ஒருவருக்கு அது எவ்வளவு உதவும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எழுத்து இல்லையென்றால் ஒலியைக் கூட்டத்தான் வேண்டும். டிவியைச் சத்தமாக வைத்தோம். அப்போதுதான் பெரிய தொல்லை ஆரம்பித்தது.

பேசிக்கொள்ள டீப்பாயில் போனை வைத்து வீடியோ கால் போட்டிருந்தார்கள். டிவியின் சத்தம் போனின் மைக்கில் ஏறி டொராண்டோவுக்குப் போனது. அங்கே அவர்களுடைய படமும் ஓடுகிறது. ஒவ்வொரு வசனமும் இரண்டு தடவை கேட்டது, இரண்டாவது ஒரு கணம் தள்ளி. "அம்மா, எதிரொலிக்குது, நெட்டு சரியில்ல" என்றார் மகள். நெட்டில் குறையே இல்லை. போனில் எதிரொலியை நீக்கும் ஏற்பாடு இருக்கிறது, ஆனால் அது தன் ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தை மட்டும்தான் அடையாளம் கண்டு கழிக்கும். பக்கத்தில் இருக்கும் டிவியின் சத்தம் அதற்கு யாரோ பேசுவது மாதிரிதான். அதனால் அதையும் அக்கறையாக அனுப்பிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு: இந்தப் பக்கம் மைக்கை மூடுங்கள். உடனே அந்தப் பக்கம் இரட்டை வசனம் நின்றுவிட்டால் கோளாறு நெட்டில் இல்லை, நம் டிவி சத்தத்தில்.

மைக்கை மூடியே வைத்திருக்கலாம், பேசும்போது மட்டும் திறக்கலாம். ஆனால் அந்த அம்மா படத்தோடு பேசிக்கொண்டே பார்ப்பவர். "ஐயோ, அவனை நம்பாதடி" என்று கதாநாயகியிடம் சொல்வார். அதைக் கேட்டுச் சிரிக்கத்தான் பேத்தி அங்கே காத்திருக்கிறாள். மைக்கை மூடினால் அது போய்விடும்.

கடைசியில் அம்மாவின் காதுக்காகச் செய்த ஒன்று இதையும் தீர்த்தது. டிவியில் ஹெட்போன் துளை இருந்தது. ஒரு துளையை இரண்டாகப் பிரிக்கும் சின்ன வயரும் நீள ஒயர் ஒன்றும் வாங்கி, இருவருக்கும் சாதாரண வயர் ஹெட்போன் மாட்டினேன். ஹெட்போன் சொருகியதும் டிவியின் ஸ்பீக்கர் தானாக அடங்கியது. அறை அமைதியானதால் போனின் மைக்கில் இவர்கள் குரல் மட்டும் ஏறியது. அம்மாவுக்கு வசனம் காதுக்குள்ளேயே கேட்டது. பேத்தி திரையில் கையை ஆட்டினால் அம்மா ஒரு பக்கத்து ஹெட்போனை நகர்த்திவிட்டு, போனைக் கையில் எடுத்துக் காதருகே வைத்துக் கேட்பார். டிவியில் துளை இல்லாத வீடுகளில் லேப்டாப்பின் துளையில் சொருகி, ஒலி வெளியேறும் இடத்தை டிவியிலிருந்து ஹெட்போனுக்கு மாற்றிவிட்டால் போதும்.

டொராண்டோவிலும் இதையே செய்யச் சொன்னேன். மகள் புளூடூத் ஹெட்போனை லேப்டாப்பில் இணைத்து, வீடியோ காலையும் அதே லேப்டாப்பில் போட்டார். படத்தின் இசை திடீரென்று பழைய டெலிபோன் மாதிரி மெலிந்துபோனது. புளூடூத் ஹெட்போனின் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் பெரும்பாலும் அது பேச்சுக்கான தரத்துக்கு இறங்கிவிடும். படம் லேப்டாப்பில், பேச்சு போனில் என்று பிரித்ததும் சரியானது.

இணைய வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 720 தரத்துக்கு 3 எம்பிபிஎஸ், 1080-க்கு 5 எம்பிபிஎஸ் என்று நெட்ஃப்ளிக்ஸ் சொல்கிறது. வீடியோ காலுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும். எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும், தினம் 2 ஜிபி திட்டத்தில் இடைவேளைக்குக்கூட வந்து சேர முடியாது.

இரண்டு வீட்டிலும் எல்லாரிடமும் ஐபோனோ ஐபேடோ இருந்தால் ஃபேஸ்டைமில் உள்ள ஷேர்பிளே நல்ல வழி. படமும் பேச்சும் ஒரே கருவியில் என்பதால், யாராவது பேசும்போது படத்தின் சத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் ஆண்ட்ராய்டு போன் ஒன்று நடுவில் வந்தால் அதில் இது நடக்காது, எல்லாத் தளங்களும் இதில் சேரவும் இல்லை. டிஸ்னி பிளஸின் குரூப்வாட்சை யாராவது பரிந்துரைத்தால் தேடாதீர்கள், அது 2023-இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

"இவ்வளவு எதுக்கு, ஸ்கிரீன் ஷேர் போட்டா முடிஞ்சுது" என்று சிலர் சொல்வார்கள். காசு கட்டிப் பார்க்கும் தளங்களின் படம் அதில் பெரும்பாலும் கறுப்பாகத்தான் தெரியும், திருட்டைத் தடுக்க அப்படிப் பூட்டியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. போனில் ஸ்கிரீன் ஷேர் ஓடும்போது வரும் ஓடிபி, வங்கிக் குறுஞ்செய்தி எல்லாம் மறுமுனையில் தெரிந்துவிடலாம். மகளுக்குத் தெரிந்தால் பரவாயில்லை. ஆனால் "பட்டனை அமுக்குங்கம்மா, நான் பார்த்துச் சொல்றேன்" என்ற குரலுக்குப் பழகிய அம்மா, நாளை வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லும் யாரோ ஒருவனுக்கும் அதே பட்டனை அமுக்கிவிடக் கூடாது. ஸ்கிரீன் ஷேர் கேட்கிறவர் வீட்டு ஆளே ஆனாலும் முதலில் முகம் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போட வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வருகிறேன். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடிக்க வேண்டும்.

அப்புறம் நேரம். திருச்சியில் சனிக்கிழமை இரவு ஏழரை என்றால் கோடையில் டொராண்டோவில் காலை பத்து. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்புவார்கள், அதே ஏழரை அங்கே ஒன்பதாகிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி பத்து. இந்த மாற்றம் நடந்த வாரம் யாராவது ஒருவர் மற்றவருக்காகக் காத்திருப்பது நிச்சயம்.

லேப்டாப்பே வேண்டாம், டிவி ஆப் மட்டும்தான் தெரியும் என்கிற வீடுகளுக்கு எந்த நீட்சியும் சொல்வதில்லை. படத்தின் தலைப்பு வரும் இடத்தில் இருவரும் நிறுத்திக்கொண்டு, போனில் "மூணு, ரெண்டு, ஒண்ணு" சொல்லி ஒன்றாக அமுக்கச் சொல்கிறேன். இடைவேளை அட்டை வந்ததும் இருவரும் நிறுத்திவிட்டு மறுபடி எண்ண வேண்டும். ஹெட்போன் இருக்கும்வரை ஒன்றிரண்டு விநாடி வித்தியாசம் யாருக்கும் தெரியாது. யூடியூபில் மட்டும் இது சொதப்பும், இரண்டு வீட்டுக்கும் விளம்பரம் வேறு வேறு இடத்தில் வரும்.

ஸ்ரீரங்கத்து வீட்டில் இப்போது படத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். சனிக்கிழமை இடைவேளை வரை, மீதி ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டுப் படுக்க வேண்டும். நடுவில் உள்ள நேரத்தில் கதை எப்படி முடியும் என்று பாட்டியும் பேத்தியும் போனில் பேசிக்கொள்கிறார்கள்.