850 லிட்டரா, 4,250 லிட்டரா? கிராஃபுக்குக் கீழே இருக்கும் பரப்புக்கு என்ன அலகு

சாதாரண நிலைத் தேர்வுக்குக் கூடுதல் கணிதம் படித்த யாரிடமாவது, கிராஃபின் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புக்கு என்ன அலகு என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் ‘சதுர அலகு’ என்பார்கள். பரீட்சைத் தாளில் x, y இரண்டுக்கும் அலகே இல்லாதபோது அது சரிதான். நான் பார்க்கிற வேலை கட்டடங்களின் தண்ணீர்த் தொட்டி, பம்ப், மீட்டர். இங்கே வரும் கிராஃபில் நிமிர்ந்து நிற்கும் அச்சில் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்றும் படுத்திருக்கும் அச்சில் நிமிடம் என்றும் இருக்கும், அதற்குக் கீழே இருக்கும் பரப்பைச் சதுர அலகு என்று சொன்னால் மேனேஜ்மெண்ட் கூட்டத்தில் சிரிப்பார்கள்.

விஷயம் ஒன்றுதான். கிராஃப் தாளில் ஒரு சின்னக் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உயரம் நிமிடத்துக்கு 10 லிட்டர், அகலம் 5 நிமிடம் என்றால் அந்த ஒரு கட்டம் 50 லிட்டர் தண்ணீர். லிட்டர்/நிமிடம் × நிமிடம், நிமிடம் அடிபட்டுப் போய் லிட்டர் மட்டும் மிஞ்சுகிறது. ஓட்டத்தை Q, நேரத்தை t என்று வைத்தால், தொகையீடு என்று நாம் பயந்து பார்க்கிற ∫ Q dt என்பது இந்தக் கட்டங்களைக் கூட்டுவதுதான். கடைசியில் நிற்கிற அந்த dt-ஐப் பலர் வாக்கியத்தின் முற்றுப்புள்ளி மாதிரி எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆனால் அகலம் அங்கேதான் இருக்கிறது, நிமிடம் என்ற அலகும் அதோடுதான் வருகிறது. அதை விட்டுவிட்டால் வெறும் உயரங்களைக் கூட்டியதாக ஆகும்.

இது எங்கே இடறும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சிறிய அடுக்குமாடிக் கட்டடம், மொட்டைமாடித் தொட்டியில் பம்ப் தண்ணீர் ஏற்றுகிறது. டேட்டா லாகர் 5 நிமிடத்துக்கு ஒரு முறை ஓட்டத்தைப் பதிகிறது:

```
நிமிடம்         0   5    10   15   20   25   30
லிட்டர்/நிமிடம்   0   120  180  200  200  150  0
```

எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் எக்செலில் அந்த வரிசை முழுவதையும் கூட்டிவிட்டு, “அண்ணே, 850 லிட்டர் ஏறியிருக்கு” என்றார். “850 என்ன தம்பி?” என்று கேட்டேன். “லிட்டர்தான்” என்றார். கூட்டியது என்னவோ லிட்டர்/நிமிடம், லிட்டர்/நிமிடம், லிட்டர்/நிமிடம் என்று ஒரே சரக்கு. ஒரே அலகுள்ள எண்களைக் கூட்டினால் அதே அலகுதான் வரும், கூட்டுவதால் மட்டும் நிமிடம் எங்கேயும் ஓடிப்போகாது. 850 லிட்டர்/நிமிடம் என்று எந்த நேரத்திலும் எந்தக் குழாயிலும் ஓடவில்லை, ஆகவே அந்த எண் அப்படியே எதையும் குறிக்கவில்லை.

அதை 5 நிமிடத்தால் பெருக்கினால் 4,250 லிட்டர். இதுதான் ஏறிய தண்ணீர். (முதல் அளவும் கடைசி அளவும் பூஜ்யமாக இருப்பதால் இவ்வளவு சுலபமாக முடிந்தது. இல்லாவிட்டால் அந்த இரண்டையும் பாதியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.) தம்பி நம்பவில்லை, நம்பக் கூடாதுதான், அதனால் தொட்டியையே பார்த்தோம். தொட்டியின் அடிப்பரப்பு 4 மீட்டருக்கு 2.5 மீட்டர், அதாவது 10 சதுர மீட்டர். 4,250 லிட்டர் என்பது 4.25 கன மீட்டர், கன மீட்டரைச் சதுர மீட்டரால் வகுத்தால் மீட்டர், ஆகவே மட்டம் 42.5 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். உயர்ந்ததோ 31 சென்டிமீட்டர்.

“பாத்தீங்களா, உங்க கணக்கும் தப்பு” என்றார் தம்பி. தப்பு இல்லை, கேள்வி வேறு. பம்ப் ஏற்றிக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரத்தில் கீழே வீடுகளில் குளித்துக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் இருக்கிறார்கள். மட்டம் காட்டுவது உள்ளே வந்ததிலிருந்து வெளியே போனதைக் கழித்த ஓட்டத்தின் தொகையீட்டை. 31 சென்டிமீட்டர் என்றால் 3.1 கன மீட்டர், மிச்சம் 1.15 கன மீட்டர் வீடுகளுக்குப் போயிருக்கிறது. அதை 30 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 38 லிட்டர், அந்தக் கட்டடத்துக்கு இயல்பான அளவு. இரண்டு தொகையீட்டுக்கும் அலகு கன மீட்டர்தான், அதனால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க முடிந்தது. 850 என்ற எண்ணை வைத்துக்கொண்டு இதைச் செய்யவே முடியாது, உள்ளே வந்ததைவிட மட்டம் அதிகமாக ஏறியதாக ஆகிவிடும்.

அடுத்த கண்ணி, மணியும் நிமிடமும் கலப்பது. சில மீட்டர்கள் ஓட்டத்தை மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று காட்டும், லாகரோ நேரத்தை நிமிடத்தில் தரும். நிமிடத்துக்கு 200 லிட்டர் என்பதும் மணிக்கு 12 கன மீட்டர் என்பதும் ஒன்றே. மேலே உள்ள வரிசையை அப்படி மாற்றினால் கூட்டுத்தொகை 51. 5 நிமிடத்தால் பெருக்கினால் 255. இதைக் கன மீட்டர் என்று ரிப்போர்ட்டில் எழுதிப் பார்த்திருக்கிறேன், அதுவும் மொத்தமே 20 கன மீட்டர் பிடிக்கிற தொட்டிக்கு! சிங்கப்பூரில் 2025 ஏப்ரலிலிருந்து வீடுகளுக்கு மாதம் 40 கன மீட்டர் வரை உள்ள விலை ஒரு கன மீட்டருக்கு 3.24 வெள்ளி, அந்த விலையில் அரை மணி நேரத் தண்ணீருக்கு 826 வெள்ளி ஆகிறது. உண்மையில் 14 வெள்ளிகூட இல்லை. அலகைச் சேர்த்து எழுதியிருந்தால் 255 ‘கன மீட்டர் × நிமிடம் / மணி’ என்று வந்திருக்கும், மேலே நிமிடமும் கீழே மணியும் முறைத்துக்கொண்டு நிற்பது கண்ணில் பட்டிருக்கும், 60-ஆல் வகுத்து 4.25-க்கு வந்திருப்பார்கள். இந்த வகைத் தப்பை மோப்பம் பிடிக்க ஒரு வழி உண்டு. உங்கள் விடையும் நியாயமான விடையும் சரியாக 60 மடங்கோ 3,600 மடங்கோ விலகியிருந்தால் பம்பைக் கழற்றாதீர்கள், முதலில் நேர அலகைப் பாருங்கள்.

மின்சாரத்திலும் இதே கதை. கிலோவாட் என்பது வேகம், கிலோவாட்-மணி என்பது அளவு. ‘மணிக்கு இத்தனை கிலோவாட்’ என்று யாராவது சொன்னால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டார் என்று அர்த்தம். அவ்வளவுதான், இதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. லாகர் ஃபைலில் பெரும்பாலும் இரண்டு வரிசை இருக்கும், ஒன்று ஓட்டம், இன்னொன்று மீட்டரின் மொத்தம். மொத்த வரிசை ஏற்கெனவே தொகையிடப்பட்டது. அதில் வேண்டியது கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழிப்பது மட்டுமே. அது புரியாமல் அந்த வரிசையையும் நேரத்தால் பெருக்கிக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் உதாரணத்தில் மொத்தம் 0, 300, 1,050, 2,000, 3,000, 3,875, 4,250 என்று ஏறுகிறது. அதற்குக் கீழே உள்ள பரப்பு 61,750. அலகு லிட்டர் பெருக்கல் நிமிடம், எதுவும் அடிபடவில்லை.

இது குப்பையா? எவ்வளவு தண்ணீர் ஏறியது என்ற கேள்விக்குக் குப்பைதான். ஆனால் அலகு தன் அர்த்தத்தைத் தானே சொல்கிறது. கட்டுமான வேலையில் ஆள்-நாள் என்று கணக்கு வைப்பார்கள் இல்லையா, பத்து ஆள் மூன்று நாள் நின்றால் முப்பது ஆள்-நாள். அது மாதிரி இது லிட்டர்-நிமிடம்: ஒவ்வொரு லிட்டரும் மீட்டரைத் தாண்டி வந்து எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதன் கூட்டல். 61,750-ஐ 4,250 லிட்டரால் வகுத்தால் லிட்டர் அடிபட்டு 14.5 நிமிடம் மிஞ்சும். 30-ஆவது நிமிடத்தில் நின்று பார்த்தால், வந்த தண்ணீர் சராசரியாக 14.5 நிமிடத்துக்கு முன் வந்தது.

இதே கணக்கைத் தொட்டிக்குள் இருக்கும் தண்ணீருக்குப் போட்டால் உருப்படியான பயன் உண்டு. தொட்டியில் இருக்கும் தண்ணீரின் அளவு நாள் முழுக்க ஏறி இறங்குகிறது, சராசரி 14 கன மீட்டர் என்று வைப்போம். 24 மணி நேரத்துக்கு அந்தக் கிராஃபின் கீழே உள்ள பரப்பு 336 கன மீட்டர்-மணி. அன்றைக்கு வெளியே போன தண்ணீர் 42 கன மீட்டர். வகுத்தால் 8 மணி நேரம், ஒரு சொட்டுத் தண்ணீர் சராசரியாகத் தொட்டியில் தங்கும் நேரம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்து புழக்கம் 21 கன மீட்டராகக் குறைந்தால், தொட்டி மட்டம் பழையபடியே இருக்கும், தங்கும் நேரம் மட்டும் 16 மணியாகிவிடும். தண்ணீர் நிற்க நிற்க அதில் மிச்சமிருக்கும் கிருமிநாசினி குறையும், வெயிலில் சூடாகும் மொட்டைமாடித் தொட்டியில் இன்னும் வேகமாகக் குறையும். மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: நாளின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பல நாள்களைச் சேர்த்து எடுக்க வேண்டும். அப்புறம், இது சராசரி மட்டும்தான். தொட்டியின் ஒரு மூலையில் நகராமல் கிடக்கிற தண்ணீரை இது காட்டாது.

அலகு சரியாக வந்துவிட்டால் விடையும் சரி என்று நினைத்துவிடாதீர்கள். வேறொரு மாதிரியான பம்ப், 2 நிமிடம் ஓடி 3 நிமிடம் நிற்கிறது, ஓடும்போது நிமிடத்துக்கு 200 லிட்டர். லாகர் 5 நிமிடத்துக்கு ஒரு முறை அந்தக் கணத்து ஓட்டத்தை மட்டும் பதிகிறது. இரண்டின் தாளமும் ஒன்றாகிவிட்டால் ஒவ்வொரு முறையும் 200 பதியலாம், அல்லது ஒவ்வொரு முறையும் 0 பதியலாம். அரை மணிக்கு 6,000 லிட்டர் என்றோ ஒன்றுமே இல்லை என்றோ கணக்கு வரும். உண்மை 2,400 லிட்டர். மூன்றிலும் அலகு லிட்டர்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. அதனால் லாகரின் அமைப்பில் கண நேர அளவுக்குப் பதிலாக அந்த 5 நிமிடத்தின் சராசரியைப் பதியச் சொல்லுங்கள், நீங்கள் பெருக்கிக் கூட்டிய விடையை மொத்த வரிசையின் கடைசிக்கும் முதலுக்கும் உள்ள வித்தியாசத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் சில சதவீதத்துக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் ரிப்போர்ட்டை அனுப்பாதீர்கள்.